கல்லாவின் முன் நான்கு சென்டிமீட்டர்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், மலை நிமிரத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது வித்துரா. அதன் அருகே மருதமலையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. இன்னொரு திசையில் காட்டுவழியே சென்றால் போணக்காட்டுத் தேயிலைத் தோட்டம். அங்கே தலைமுறைகளாக வேர்விட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆராய்ச்சி மாணவருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அரிசி, பருப்பு, சோப்பு, மருந்து வாங்க இறங்கி வர வேண்டிய கடைத்தெரு வித்துராதான். மலைமடிப்புகளில் கைப்பேசிக் குறிகை குன்றுவது இயல்பு. ஒரு வளைவில் நிறைந்திருப்பது அடுத்த வளைவில் அற்றுப்போகும். அப்படிப்பட்ட ஊரில் பணம் செலுத்தும் முறை எதை நம்பி நிற்கிறது என்னும் கேள்வி, நகரத்தில் இருப்பதைவிடக் கூர்மையானது.

கடைக்கல்லாவில் ஒட்டியிருக்கும் கட்டக்குறியைப் படமெடுத்து யூபிஐ வழியே பணம் செலுத்துவது இன்று எல்லோருக்கும் பழகிய வழி. அதில் வாங்குபவரின் கைப்பேசியே இணையத்தின் வழி வங்கியிடம் பேச வேண்டும். கைப்பேசியில் குறிகை இல்லையென்றால் வழி அடைபடுகிறது. இதற்கு மாறான வழியொன்று உண்டு. கடைக்காரர்கள் ஸ்வைப்பிங் மெஷின் என்று சொல்லும் அட்டைக் கருவியின் மேல் கைப்பேசியைத் தொடாமல் அருகே காட்டினால் போதும். அரை நொடிக்குள் கைப்பேசியின் பங்கு முடிந்துவிடும். அப்போது அந்தக் கைப்பேசிக்கு இணையம் இல்லாமலும் இருக்கலாம். செய்தி அனுப்ப வலையமைப்பே இல்லாத ஒரு பொருள் எப்படிப் பணம் செலுத்துகிறது? அண்மைப்புலத் தொடர்பு என்னும் நுட்பத்தின் உள்ளியல்பு முழுவதும் இந்தக் கேள்விக்கான விடையில் அடங்கியிருக்கிறது.

அட்டைக் கருவியின் திரைக்கு அடியிலோ அதன் தலைப்பகுதியிலோ சில சுற்றுகள் கொண்ட செப்புச்சுருள் ஒன்று பதிந்திருக்கிறது. அதனூடே நொடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை, அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில், திசை மாறி மீளும் மின்னோட்டம் ஓடுகிறது. மின்னோட்டம் மாறும்போது அதைச் சூழ்ந்த காந்தப்புலமும் மாறும். மாறும் காந்தப்புலத்துக்குள் இன்னொரு சுருளைக் கொண்டுவந்தால் அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும். 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுதான். தெருமுனை மின்மாற்றி இயங்குவதும் இதே விதியால்; அங்கே இரு சுருள்களும் ஒரே இரும்பகத்தில் சுற்றப்பட்டிருக்க, இங்கே ஒன்று கடைக்காரரின் கருவியிலும் மற்றொன்று வாங்குபவரின் கைப்பேசியிலும் இருக்கிறது, இடையில் காற்று.

13.56 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 22 மீட்டர். ஒரு சுருளிலிருந்து அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான தொலைவுக்குள், இங்கே ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்குள், புலம் இன்னும் அலையாகப் பிரிந்து பறக்கத் தொடங்குவதில்லை. பெரும்பகுதி ஆற்றல் சுருளைச் சுற்றியே எழுவதும் அதற்கே திரும்புவதுமாக இருக்கிறது. அதனால்தான் இது அண்மைப்புலம். வானொலி நிலையம் ஆற்றலை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பிப் பாராது. இந்தச் சுருளோ தன் புலத்தைத் தன்னருகிலேயே பிடித்துவைத்திருக்கிறது. யாராவது அப்புலத்துக்குள் வந்து அதிலிருந்து சிறிது ஆற்றலை எடுத்தால் அந்த இழப்பையும் உணர்கிறது. இந்த உணர்வுதான் பின்னர் உரையாடலாகிறது.

அண்மைப்புலம் தொலைவில் எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சுருளின் ஆரம் 3 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதன் மையத்திலிருந்து நேர்மேலே 4 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி. சுருளின் விளிம்பிலிருந்து அப்புள்ளிக்குள்ள தொலைவு, 3, 4, 5 என்னும் செங்கோண முக்கோணத்தின்படி, 5 சென்டிமீட்டர். மையத்திலுள்ள புலத்தை ஒன்று எனக் கொண்டால் அங்கே அது 3இன் மும்மடியை 5இன் மும்மடியால் வகுத்த அளவு, அதாவது 27/125. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதி. உயரத்தை 10 சென்டிமீட்டராக்கினால் ஏறத்தாழ நாற்பத்திரண்டில் ஒரு பங்கு. 30 சென்டிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கட்டண அட்டைகளுக்கான உலகப் பொதுவிதிகள் கருவிக்கு மேலே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் வரை மட்டுமே பணிப்பரப்பு என்று வரையறுத்திருப்பதன் காரணம் இந்தத் தேய்மானம். கல்லாவில் அடுத்து நிற்பவரின் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி தவறுதலாகப் பணம் கட்டிவிடாததும் இதனாலேயே.

இப்புலம் வலுவானதா என்று கேட்டால், வியப்பான விடை கிடைக்கிறது. ஐஎஸ்ஓ 14443 என்னும் பன்னாட்டு நெறி, அட்டை நிற்குமிடத்தில் புலம் மீட்டருக்கு 1.5 ஆம்பியருக்கும் 7.5 ஆம்பியருக்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது. புவிக்காந்தப்புலத்தின் வலிமை நம் பகுதியில் மீட்டருக்கு 30 ஆம்பியரையொட்டி இருக்கிறது. புவிப்புலத்தைவிட மெலிந்த புலம் ஒரு கைப்பேசியைத் தட்டி எழுப்ப முடிவது அதன் வலிமையால் அன்று; அது அசையாத புவிப்புலம் போலன்றி நொடிக்குக் கோடி முறைக்குமேல் திசைமாறுவதால்தான். தூண்டப்படும் மின்னழுத்தம் மாற்றத்தின் விரைவைப் பொறுத்தது.

கைப்பேசிச் சுருள் இந்த அலைவெண்ணுக்கே செவிகொடுக்குமாறு ஒத்ததிர்வுக்குச் செப்பம் செய்யப்பட்டிருக்கும். சுருளின் தூண்டல் 1 மைக்ரோஹென்றி என்றால் அதனோடு இணைக்க வேண்டிய மின்தேக்கி ஏறத்தாழ 138 பிக்கோஃபாரட். அந்த இணை 13.56 மெகாஹெர்ட்ஸில் மிகுதியாக அதிரும். பிற அலைவெண்களைப் பெரிதும் புறக்கணிக்கும். இதில்தான் கைப்பேசி வடிவமைப்போரின் தலைவலி தொடங்குகிறது. சுருளுக்குப் பின்னால் மின்கலம் இருக்கிறது, உலோகச் சட்டம் இருக்கிறது. மாறும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அவை தம்மை எழுப்பிய புலத்தையே எதிர்க்கும். அதனால் சுருளுக்கும் மின்கலத்துக்கும் இடையே ஃபெரைட் என்னும் காந்தப்பொருளின் மெல்லிய தகடு ஒட்டப்படுகிறது. அது புலக்கோடுகளை உலோகத்துக்குள் புகவிடாமல் பக்கவாட்டில் வளைத்துச் செல்கிறது. கைப்பேசிக்குப் பின்னால் தடித்த உலோக உறை போட்டிருப்பவர்கள் கல்லாவில் பலமுறை காட்டியும் பயனின்றி நிற்பதற்குக் காரணம், அந்த உறைக்கு ஃபெரைட் காவல் இல்லாமையே. இன்னொரு காரணம் இதைவிட எளியது: சுருள் எல்லாக் கைப்பேசியிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சிலவற்றில் முதுகின் நடுவே, சிலவற்றில் ஒளிப்படக் கருவியை ஒட்டி மேலே. கைப்பேசியின் அடிப்பகுதியைக் கருவியின் மேல் அழுத்திக்கொண்டிருப்பதால் ஒன்றும் நிகழாது. மெல்ல நகர்த்தி, இரு சுருள்களும் நேர்படும் இடத்தைக் கண்டுகொள்வதே வழி.

இனி உரையாடலுக்கு வருவோம். கருவி பேசுவது எளிது. தன் புலத்தை மிகச் சிறு கணங்களுக்கு அணைத்தோ மட்டுப்படுத்தியோ பிட்டுகளைச் சொல்கிறது. கைப்பேசி விடை சொல்வதுதான் நுண்ணியது. பிளாஸ்டிக் அட்டைக்குள் இருக்கும் சில்லுக்கு மின்கலமே இல்லை. கருவியின் புலத்திலிருந்து எடுத்த ஆற்றலால் அது விழிக்கிறது, விடையும் தருகிறது. தன் சுருளின் மீதுள்ள மின்சுமையை அது நொடிக்கு ஏறத்தாழ 8 இலட்சத்து 48 ஆயிரம் முறை ஏற்றி இறக்கும். அந்த ஏற்ற இறக்கம் கருவியின் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்த மாறுதலாகத் தெரியும்; கருவி அதைப் படித்துக்கொள்ளும். அட்டை தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை, கருவியின் புலத்தைத்தான் அசைக்கிறது. அட்டையைவிடச் சிறிய சுருளை உடைய கைப்பேசியால் அவ்வளவு வலுவாக அசைக்க முடிவதில்லை. ஆகவே பல கைப்பேசிகள் தம் மின்கலத்தின் துணையால் அதே அதிர்வைத் தாமே சேர்த்து அனுப்புகின்றன. கருவிக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அட்டை ஒன்று வந்திருப்பதாகவே கொள்கிறது.

பேச்சின் விரைவு, 13.56 மெகாஹெர்ட்ஸை 128ஆல் வகுத்தால் கிடைக்கும் ஏறத்தாழ நொடிக்கு 1 இலட்சத்து 6 ஆயிரம் பிட்டு. இன்றைய இணைய அளவுகோலில் இது நத்தை நடை. ஆனால் கல்லாவில் பரிமாற வேண்டியவை சில நூறு பைட்டுகள்தாம் என்பதால் இதுவே போதும். அந்த அரை நொடியில் பெரும்பங்கு கணக்குப் போடுவதற்கே செல்கிறது.

கருவி முதலில் யாரேனும் உண்டா என்று கூவும். கைப்பேசி ஓர் அடையாள எண்ணைச் சொல்லும். பிளாஸ்டிக் அட்டைகளில் பல எப்போதும் மாறாத எண்ணையே சொல்லும். கைப்பேசி பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருட்டிய எண்ணைச் சொல்லும். ஒருவர் எந்தக் கடைக்கு எத்தனை முறை வந்தார் என்று இந்த எண்ணை வைத்துத் தொடர முடியாதபடி செய்த ஏற்பாடு இது. புலத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் விடைகள் ஒன்றோடொன்று மோதும். அவற்றைப் பிரித்தறிய முறை இருந்தாலும், பணவிவகாரத்தில் கருவி தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளக் கூடாது என்பது விதி. கைப்பேசி உறையின் பின்மடிப்பில் மெட்ரோ அட்டையைச் செருகி வைத்திருப்பவர்களிடம், ஒரே ஓர் அட்டையைக் காட்டுமாறு கருவி கேட்பது இதனால்தான். கொச்சி மெட்ரோ 2017இல் தொடங்கியபோதே வெளியிட்ட கொச்சி1 அட்டை, கடைகளிலும் செல்லும் ரூபே அட்டை. அதைக் கைப்பேசி உறைக்குள் வைத்தால் இரண்டும் ஒரே கருவியை நோக்கி ஒரே நேரத்தில் பேசும்.

எதிரே இருப்பது ஒன்றே என்று உறுதியான பின் கருவி முதல் கட்டளையை அனுப்புகிறது:

```
00 A4 04 00 0E 32 50 41 59 2E 53 59 53 2E 44 44 46 30 31 00
```

நடுவிலுள்ள பதினான்கு பைட்டுகளை எழுத்தாக்கினால் `2PAY.SYS.DDF01` என்று வரும். தொடாக் கட்டணத்துக்கான பொதுப் பெயர்ப்பட்டியலைத் திற என்பது அதன் பொருள். கைப்பேசி தன்னிடமுள்ள கட்டணச் செயலிகளின் எண்களைத் தரும். ரூபே அட்டை பதிவாகியிருந்தால் அதன் எண் `A0000005241010`. கருவிக்கும் அது தெரிந்த எண்ணாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கும். இல்லையேல் உரையாடல் அங்கேயே முறியும். கருவி நன்றாயிருந்தும் கைப்பேசி நன்றாயிருந்தும் இந்த அட்டை ஏற்கப்படாது என்று திரை சொல்வது பலமுறை இந்தப் படியில்தான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வித்துராக் கடையொன்றில் 340 ரூபாய்க்குப் பொருள் வாங்கப்படுகிறது. கடைக்காரர் தொகையை அழுத்துகிறார். கருவி அதைப் பைசாவாக மாற்றிப் பன்னிரண்டு இலக்கமாக எழுதும்: `000000034000`. அதனோடு இந்திய ரூபாயின் எண் `0356`, அன்றைய நாள், இவற்றோடு தானே உருட்டிய, முன்கணிக்க முடியாத நான்கு பைட்டு எண் ஒன்று. இந்த நான்கு பைட்டில் ஏறத்தாழ 429 கோடி வாய்ப்புகள் உள்ளன. கைப்பேசி இவற்றைப் பெற்றுத் தன் எண்ணியின் மதிப்பைக் கூட்டுகிறது. அந்த எண்ணி ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒன்று ஏறும், ஒருபோதும் இறங்காது. எல்லாவற்றையும் சேர்த்துத் தன்னிடமுள்ள மறைதிறவியால் கடைந்து எட்டு பைட்டு முத்திரை ஒன்றை உண்டாக்குகிறது. காற்றில் கடப்பது அந்த முத்திரை; திறவி கடப்பதில்லை.

இந்த எட்டு பைட்டுகளே முழுப் பாதுகாப்பும் தங்கியிருக்கும் இடம் என்பது என் கருத்து. பலர் நான்கு சென்டிமீட்டர் இடைவெளியையே காவல் என்று எண்ணுகிறார்கள். அருகில் ஒளிந்த ஒருவர் தக்க அலைவாங்கியால் அந்த உரையாடலைக் கேட்டுவிட முடியும் என்றே வைத்துக்கொள்வோம். அவர் கையில் கிடைக்கும் முத்திரை, 340 ரூபாய், இந்த நாள், இந்த நான்கு பைட்டு எண், இந்த எண்ணி மதிப்பு என்பவற்றோடு கட்டுண்டது. அதை வேறு கடையில் காட்டினால் அங்குள்ள கருவி வேறோர் எண்ணை உருட்டியிருக்கும். அதே கடையில் மறுமுறை காட்டினாலும் எண்ணி மதிப்பு பழையது என்று வங்கி தள்ளிவிடும். 340ஐ 3400 ஆக்கினால் முத்திரை பொருந்தாது. பழைய காந்தப்பட்டை அட்டையில் இது இல்லை: பட்டையில் இருப்பதை ஒருமுறை படித்தவர் எத்தனை அட்டையையும் போலியாக எழுதிக்கொள்ளலாம்.

அட்டையின் எண்ணும் அங்கே கடப்பதில்லை. கைப்பேசியில் அட்டையைப் பதிவு செய்யும்போது வங்கியும் அட்டை வலையமைப்பும் அந்த எண்ணுக்கு ஈடாக, அக்கைப்பேசிக்கு மட்டும் உரிய ஒரு மாற்றெண்ணைத் தருகின்றன. இந்திய ரிசர்வ் வங்கி 2019 ஜனவரி 8ஆம் நாள் சுற்றறிக்கையால் இம்முறைக்கு ஒப்புதல் தந்தது. மாற்றெண்ணும் அட்டையெண் போலவே தோன்றும். ஆனால் இறுதி நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் வேறாக இருக்கும். கருவி தரும் தாளில் அச்சாவது அந்த மாற்றெண்ணின் இலக்கங்களே. பொருளைத் திருப்பித் தரப் போகும்போது கடைக்காரர் பிளாஸ்டிக் அட்டையின் இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்து இது வேறு அட்டை என்று மறுப்பதுண்டு. அப்போது காட்ட வேண்டியது அட்டையை அன்று, எந்தக் கைப்பேசியால் கட்டினோமோ அதையே.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கிடைக்கிறது. முத்திரையை உண்டாக்கத் தேவையான திறவி முன்பே கைப்பேசிக்குள் இருக்கிறது. சில கைப்பேசிகளில் அது பிற செயலிகள் எட்டாத தனிச் சில்லில் பூட்டப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பு 2013இல் வந்தபோது, அத்தனிச் சில்லின் துணையின்றி மென்பொருளே அட்டைபோல் பேச வழி பிறந்தது. மென்பொருளில் நெடுநாள் திறவியை வைப்பது ஆபத்து என்பதால், சில கட்டணங்களுக்கு மட்டுமே செல்லும் குறைநாள் திறவிகளை வங்கி முன்கூட்டியே இறக்கிவிடும். ஆகவே கல்லாவில் குறிகை இல்லாவிட்டாலும் கைப்பேசி சிலமுறை கட்டணம் செலுத்தும். திறவிகள் தீர்ந்தபின் ஒருமுறை இணையத்தில் சேர்ந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். சில நாள் மலைமேல் இருந்துவிட்டு இறங்குபவருக்கு முதற்கட்டணம் சென்று, பின்னர் மறுக்கப்படுவது இதனால் நேரலாம். கைப்பேசி பழுதில்லை, திறவிப்பை காலியாகிவிட்டது.

ஆனால் பணம் அப்போதே நகர்ந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. கைப்பேசி அதிர்ந்து திரையில் சரிக்குறி தோன்றினால், தன் முத்திரையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டேன் என்பதே அதன் பொருள். அதன்பின் கருவி தன் சிம் வழியே கடைக்காரரின் வங்கியையும், அதன்வழி அட்டை வலையமைப்பையும், இறுதியில் வாங்குபவரின் வங்கியையும் அடைய வேண்டும். வாங்குபவரின் வங்கி, முத்திரையைத் தன் திறவியால் மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டு, இருப்பைப் பார்த்து, ஒப்புதல் அனுப்பும். இணையத் தேவை மறைந்துவிடவில்லை; வாங்குபவரின் கையிலிருந்து கடைக்காரரின் கருவிக்கு இடம் மாறியிருக்கிறது. மலையூரில் இது பெரிய வேறுபாடு: கடை ஓரிடத்தில் நிற்கிறது, எந்த நிறுவனத்தின் சிம் அங்கே எடுபடும் என்று பார்த்துக் கடைக்காரர் போட்டுக்கொள்ளலாம். வருவோர் போவோர் எல்லாரும் அப்படித் தேர்ந்துகொள்ள முடியாது. சரிக்குறி தோன்றியும் கருவி ஒப்புதல் காட்டாத கணத்தில் இருவரும் காத்திருக்க வேண்டும். கைப்பேசித் திரையைக் காட்டிப் பணம் போய்விட்டது என்று வாதிடுவதில் பொருளில்லை. முடிவைச் சொல்லும் உரிமை கருவியின் திரைக்கே உண்டு.

இவ்வளவு செம்மையான வழி வித்துரா போன்ற ஊர்களின் சிறுகடைகளில் ஏன் கட்டக்குறி அளவுக்குப் பரவவில்லை? கட்டக்குறி ஒரு தாள். அட்டைக் கருவிக்கு விலையோ வாடகையோ உண்டு. 2020 ஜனவரி முதல் யூபிஐக்கும் ரூபே பற்று அட்டைக்கும் கடைக்காரரிடம் பரிமாற்றக் கட்டணம் இல்லை. பிற அட்டைகளுக்கு உண்டு. சிறுகடையின் ஈட்டம் மெலிந்தது. அதில் அந்தக் கட்டணமும் கனக்கும். மேலும் விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் இந்தச் சுருளே இருப்பதில்லை. இவை நுட்பத்தின் குறைகள் அல்ல, பொருளியலின் தடைகள். அவை தீர்ந்தால்தான் இது தோட்டத் தொழிலாளியின் கைக்கும் எட்டும்.

கடையிலும் இணையம் அற்றுப்போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு விடை முயலப்படுகிறது. இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் உருவாக்கிய யூபிஐ லைட் எக்ஸ் 2023 செப்டம்பரில் அறிமுகமானது. இதில் கைப்பேசிக்குள்ளேயே சிறு தொகை முன்கூட்டி ஏற்றப்பட்டிருக்கும். இரு கைப்பேசிகளை முதுகோடு முதுகாக அருகே காட்டினால், இருவருக்கும் இணையமின்றியே தொகை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். வங்கிக் கணக்குகள் பின்னர் இணையம் கிட்டும்போது நேராகும். இங்கே ஓர் அடிப்படை இடர் இருக்கிறது. ஒப்புதல் தர வங்கி உடனிருக்காத இடத்தில், செலவழித்த பணத்தையே இருமுறை செலவழிக்க ஒருவர் முயன்றால் அந்தக் கணத்தில் தடுப்பது கைப்பேசியின் உட்காவல் ஒன்றுதான். அதனால்தான் இத்தகைய இணையமில்லாச் சிறுகட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் ஒருமுறைக்கு 200 ரூபாய் என்று வரம்பிட்டு, 2023 ஆகஸ்டில் அதை 500 ஆக்கி, 2024 டிசம்பரில் யூபிஐ லைட்டுக்கு 1000 ஆக்கி, மொத்த இருப்பை 5000க்குள் நிறுத்தியது. காவல் முறிந்தாலும் இழப்பு அந்தச் சிறுதொகைக்குள் அடங்கட்டும் என்னும் எச்சரிக்கை அந்த எண்களில் இருக்கிறது. இதைக் குறையென்று நான் எண்ணவில்லை. மழைக்காலத்தில் மலையடிவாரத்தில் அரிசி வாங்க 1000 ரூபாய் வரம்பு போதும்.

தொடாக் கட்டணத்தின் உண்மையான ஓட்டை முத்திரையில் இல்லை, தொலைவில்தான் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த கெர்ஹார்ட் ஹான்க்கே 2005இலேயே இதைச் செய்து காட்டினார். ஒரு கருவி பாதிக்கப்படுபவரின் அட்டைக்கு அருகே நிற்கும். அதன் கூட்டாளிக் கருவி தொலைவிலுள்ள ஓர் அட்டைக் கருவியின் முன் நிற்கும். இரண்டும் வானலையால் இணைந்து, அங்கே கேட்கப்படுவதை இங்கே சொல்லி, இங்கே கிடைக்கும் விடையை அங்கே சேர்க்கும். முத்திரை உண்மையானது, எண்ணி சரி, தொகை சரி. பொய்யானது ஒன்றே ஒன்று, அருகில் இருக்கிறார் என்னும் நம்பிக்கை. விடை வரும் நேரத்தை நுண்ணிதாக அளந்து, நெடுவழி சென்று வந்ததைக் கண்டறியும் முறைகள் உண்டு. ஆனால் அவை எல்லாக் கருவியிலும் எல்லா அட்டையிலும் செயல்படுவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் இருந்த இந்த உத்தி 2024இல் தெருவுக்கு வந்தது. செக் நாட்டில் வங்கி வாடிக்கையாளரை ஏமாற்றிய என்கேட் என்னும் தீநிரலை ஈசெட் நிறுவனம் அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிப்படுத்தியது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு செயலியை நிறுவச் செய்வார்கள். பின்னர் அட்டையைச் சரிபார்க்க வேண்டும், உங்கள் கைப்பேசியின் முதுகில் வைத்து இரகசிய எண்ணை இடுங்கள் என்பார்கள். அந்தக் கணத்தில் பாதிக்கப்பட்டவரின் கைப்பேசியே கள்ளக்கருவியாகி, அட்டையின் பேச்சைத் தொலைவிலுள்ள திருடனின் கைப்பேசிக்கு அனுப்பும். அவன் பணப்பொறியின் முன் நிற்பான். இங்கே அட்டை ஏமாறவில்லை, வங்கியின் கணக்கீடு ஏமாறவில்லை. ஏமாந்தது அட்டையை நீட்டிய கை மட்டுமே.

நம் நாட்டில் 5000 ரூபாய் வரை இரகசிய எண் இல்லாமலே தொடாக் கட்டணம் செல்லும். 2021 ஜனவரிக்கு முன் அவ்வரம்பு 2000 ரூபாய். இவ்வசதி வேண்டாதவர் அதை அணைத்து வைக்கவும், தமக்கேற்ற வரம்பைக் குறிக்கவும் வங்கிச் செயலியில் வழி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 15ஆம் நாள் ஆணையிட்டிருக்கிறது. ஆகவே கையில் தொடா அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து, பயன்படுத்தாவிடில் அணைத்துவிடுங்கள். பயன்படுத்தினால் உங்கள் அன்றாடச் செலவுக்கு ஏற்ற வரம்பை வையுங்கள். கல்லாவில் கைப்பேசியைக் காட்டுமுன் கருவியின் திரையில் தொகையைப் படியுங்கள், ஏனெனில் நீங்கள் முத்திரையிடுவது அந்தத் தொகைக்கே. யார் தொலைபேசியில் எந்தப் பெயரில் சொன்னாலும் உங்கள் அட்டையை உங்கள் கைப்பேசியின் முதுகில் வைக்காதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வங்கிக்குச் சொல்வதோடு 1930 என்னும் எண்ணையும் உடனே அழையுங்கள். நேரம் கடக்கக் கடக்க அப்பணத்தை இடைமறித்து நிறுத்தும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.